ஆடிக் கிருத்திகையன்று நாற்பது லிட்டர்

பரீட்சையில் தோற்றவளைப் பற்றி, அதே பரீட்சையில் தேறியவள் எழுதுவது அவ்வளவு நாகரிகமான காரியம் இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன். அவள் எழுதமாட்டாள். கேட்டால், இதில் எழுத என்ன இருக்கிறது என்று சிரித்துவிட்டு, தான் தோற்ற காரணத்தை ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவாள். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்த நாட்களில் திருத்தணியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிற பெண்களுக்குக் காலை மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டிதான் பாதி வீடு. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அங்கேதான் தலை வாரினோம், கீரை ஆய்ந்தோம், மாமியாரைத் திட்டினோம், வாயைத் திறந்துகொண்டு தூங்கினோம். நான் கூடுதலாக அங்கே படிக்கவும் செய்தேன். என்னைப் படிப்பில் இழுத்துவிட்டவள் அக்கா.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, ரயிலில் கிடைத்தவள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அம்மையார்குப்பத்தில் பிறந்து திருத்தணியில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ், காலேஜில் பி.காம். சென்னையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதினாள். அங்கே இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர்தான், வேலையை விடாமலே எழுதி முடிக்கக்கூடிய ஒரு வெளிநாட்டுக் கணக்கியல் பட்டத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னார். நம் ஊர் சி.ஏ. என்றால் வேலையை விட்டுவிட்டு ஓர் ஆடிட்டரிடம் மூன்று வருடம் பயிற்சிக்கு உட்கார வேண்டும். அவளுக்கு அது முடியாது. இதற்கு மொத்தம் பதினான்கு தாள், வருடத்துக்கு இரண்டு முறை பரீட்சை, எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அவள் பதிந்துகொண்டாள். நாலு வருடம் கழித்து, அவள் பேச்சைக் கேட்டு நானும் பதிந்தேன்.

எப்போது வேண்டுமானாலும் என்பதற்கு ஓர் எல்லை இருந்தது. பதிந்த நாளிலிருந்து பத்து வருடம். அதற்குள் பதினான்கையும் முடிக்காவிட்டால் தேறிய தாள்களும் போய்விடும். திரும்பவும் முதல் தாளிலிருந்து. எடுத்த மார்க்கைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்கிற பரீட்சை உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது. அக்கா கல்யாணத்துக்கு முன்பு பதிந்தாள், கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தது, மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. இத்தனைக்கும் நடுவில் பதின்மூன்று தாள் முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, தணிக்கைத் தாள். அதில் மூன்று முறை தோற்றிருந்தாள். நான்காவது முறைதான் பத்து வருடக் கெடுவுக்குள் வரும் கடைசி முறை.

எனக்கும் அந்த முறை அந்த ஒரு தாள்தான் பாக்கி. எனக்குக் கெடு இன்னும் நாலு வருடம் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தராசில் எந்தத் தட்டில் என்ன இருந்தது என்று தெரியட்டும்.

கணக்குப் போடும் தாள்களில் அக்காவை யாரும் அசைக்க முடியாது. நாலு கம்பெனிகளின் கணக்கை ஒன்றாகச் சேர்க்கச் சொன்னால் ரயில் அரக்கோணத்தில் நிற்கிற நேரத்துக்குள் மடியில் வைத்துப் போட்டுவிடுவாள். எனக்கு அது இரண்டு நாள் வேலை. ஆனால் தணிக்கைத் தாளில் போடுவதற்கு ஒன்றும் இருக்காது. எல்லாம் எழுத வேண்டும். அதிலும் அந்தக் காலத்தில் புதிதாக ஒரு கேள்வி வர ஆரம்பித்திருந்தது. ஒரு கம்பெனி இந்த வருடம் இத்தனை டன் கரியமில வாயு வெளியிட்டோம் என்று அறிக்கையில் சொல்கிறது, அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம், தணிக்கையாளர் அதற்கு எந்த அளவு உறுதி கொடுக்கலாம், விவாதிக்கவும். இருபத்தைந்து மார்க் கேள்வியில் பாதிக்கு மேல் இதற்கே போகும்.

“இன்னாடி இது, பொகைக்கெல்லாம் ஆடிட்டா?” என்றாள் அக்கா முதல் முறை பார்த்தபோது. “எங்க நைனா பீடி குடிக்கிறாரே, அவருக்கும் ஒரு சர்டிபிகேட் குடுப்பாங்களா?”

சிரித்தோம். அந்தக் கேள்விதான் அவளை மூன்று முறையும் கவிழ்த்தது. அவள் ‘நம்பகத்தன்மை முக்கியமானது, அறிக்கை நம்பகமாக இருக்க வேண்டும், தணிக்கையாளர் நம்பகத்தன்மையைச் சரிபார்ப்பார்’ என்று சுற்றிச் சுற்றி எழுதுவாள். மார்க் விழாது. ஏன் என்று ஒரு காரணம் சொன்னால்தான் மார்க்.

எனக்கு அந்தக் கேள்வி எளிது. அதற்கு என் மூளை காரணம் இல்லை. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷில் கதை அளக்க வரும். இன்னொரு காரணம், நான் வேலை பார்த்த ஆடிட்டர் ஆபீஸ். அரக்கோணத்துக்கு வெளியே இரும்பு வார்க்கிற ஒரு பட்டறை எங்கள் வாடிக்கையாளர். வெளிநாட்டில் அவர்களிடம் சரக்கு வாங்கும் கம்பெனி, வருடம் எவ்வளவு கரியமில வாயு விடுகிறீர்கள், தணிக்கையாளரின் அறிக்கையோடு அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டது. முதலாளி எங்கள் சாரிடம் ஓடிவந்தார். சார் என்னை அனுப்பினார்.

கரியமில வாயுவை யாரும் தராசில் வைத்து நிறுப்பதில்லை என்று எனக்கு அங்கே போன பிறகுதான் உறைத்தது. எரித்த டீசல் எத்தனை லிட்டர், வாங்கிய கரெண்ட் எத்தனை யூனிட் என்று எடுத்து, லிட்டருக்கு இத்தனை கிலோ வாயு, யூனிட்டுக்கு இத்தனை கிலோ என்று வெளியிட்டிருக்கும் ஒரு காரணியால் ஒவ்வொன்றையும் பெருக்க வேண்டும். கரெண்டுக்கு மின்வாரியத்தின் பில் இருந்தது, பிரச்சினை இல்லை. டீசலுக்கு, ஜெனரேட்டர் தினம் எத்தனை லிட்டர் குடித்தது என்று எழுதும் லாக் புக் இருந்தது. அது பிரமாதமான புத்தகம். வருடம் பூராவும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எங்கும் அடித்தல் திருத்தல் கிடையாது. ஆடி மாதத்தில் ஒரு நாளைப் பார்த்து என் விரல் நின்றுவிட்டது. ஆடிக் கிருத்திகை. அன்று இந்த வட்டாரத்தில் ஈ காக்கை வேலை செய்யாது, ஊரே காவடியோடு மலைமேல் இருக்கும். பட்டறையும் மூடித்தான் இருந்தது, வருகைப் பதிவேட்டில் ஓர் ஆள்கூட இல்லை. லாக் புக்கில் மட்டும் நாற்பது லிட்டர் எரிந்திருந்தது.

ஜெனரேட்டர் ஓட்டுபவரைக் கேட்டேன். நெற்றி நிறைய விபூதி, நல்ல மனிதர்.

“அன்னிக்கு நான் எங்க இங்க இருந்தேன்? காவடி எடுத்துகினு மலைல இருந்தேங்க.”

“அப்ப இந்த நாப்பது லிட்டர்?”

“மாசக் கடைசில டீசல் பில்லு எல்லாம் ஆபீசுல குடுப்பாங்க. மொத்தத்த நாளால வகுத்து எழுதிடுவேன். டெய்லி எழுதுறதுக்கு யாரு பாக்குறா?” என்றார். பிறகு, “நீங்க பாக்குறீங்க” என்று தானே சொல்லிவிட்டுச் சங்கடமாகச் சிரித்தார்.

சாரிடம் வந்து சொன்னேன். மொத்தம் பில்லோடு ஒத்துப்போகிறதா, போகிறது, அப்புறம் என்ன என்றார். பில்லைப் பார்த்து எழுதின புத்தகம் பில்லோடு ஒத்துப்போவதில் என்ன அதிசயம், அந்த டீசலில் எத்தனை லிட்டர் முதலாளி வீட்டு வண்டிக்குப் போனதோ என்றேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த டன் கணக்கின் அட்டவணையைப் போட்டது நான். அதைத் தணிக்கை செய்ததாக அறிக்கை கொடுத்ததும் எங்கள் ஆபீஸ்தான். இப்படித் தான் செய்ததைத் தானே சரிபார்க்கக் கூடாது என்று நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அறிக்கையின் கடைசி வாக்கியத்தை நானே டைப் அடித்தேன். நிதிக் கணக்குகளுக்கு எழுதுவது போல உண்மையாகவும் நேர்மையாகவும் இருக்கிறது என்று இதற்கு எழுதுவதில்லை. அவ்வளவு வேலை செய்வதும் இல்லை. குறைந்த சோதனை, குறைந்த உறுதி. அதனால் வாக்கியத்தைத் தலைகீழாக எழுதுவார்கள். இந்த எண்கள் தவறு என்று நாங்கள் கருதும்படியான எதுவும் எங்கள் கவனத்துக்கு வரவில்லை. அதை அடிக்கும்போது ஆடிக் கிருத்திகை என் கவனத்தில் நன்றாகவே இருந்தது. அடித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து அக்காவுக்கு ஒரு மாதிரி விடை எழுதிக் கொடுத்தேன். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றுள் அது நல்ல எழுத்து என்று இன்றைக்கும் நினைக்கிறேன், அதுதான் வேதனை. கரியமில வாயுக் கணக்குக்குப் பற்று வரவு என்று எதிர்ப்பக்கம் கிடையாது, அதனால் தப்பு நடந்தால் எதுவும் இடிக்காது. பாங்கிக்குக் கடிதம் போட்டு இருப்பை உறுதிசெய்வது போல இதற்கு வெளியே கேட்க ஆள் இல்லை. எந்தக் காரணியால் பெருக்குவது என்பதைக் கம்பெனியே தேர்ந்தெடுக்கலாம். அடிப்படைப் பதிவுகள் பின்னாலிருந்து எழுதப்பட்டிருக்கலாம். இதற்கு உதாரணமாக ஜெனரேட்டர் லாக் புக்கையும், பட்டறை மூடியிருந்த திருவிழா நாளின் நாற்பது லிட்டரையும் நாலு வரியில் எழுதினேன். ஆகவே குறைந்த அளவு உறுதிதான் பொருத்தம், வாக்கியம் இப்படி அமைய வேண்டும் என்று முடித்தேன். மொத்தம் இரண்டரைப் பக்கம், எளிய இங்கிலீஷ், சின்னச் சின்ன வாக்கியங்கள்.

“இத அப்படியே நெட்டுரு போட்டா போதுமாடி?” என்று கேட்டாள் அக்கா.

“அப்படியே போடுக்கா. எந்தக் கேள்வி வந்தாலும் இதுல எல்லாம் இருக்கு.”

இதைச் சொன்னவள் நான். வேறு யாரும் இல்லை.

அவள் நெட்டுரு போட்ட அழகை அந்தப் பெட்டியில் வந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திருத்தணியில் ஏறியதும் முதல் பத்தி. அரக்கோணத்தில் இரண்டாவது. மணவூர் வருவதற்குள் ஜெனரேட்டர். அதன் பிறகு முழுவதும் ஒருமுறை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, கந்த சஷ்டி விரதம் இருப்பவள் போல. எதிரே பூக்கட்டிக்கொண்டு வரும் ஓர் அம்மா இருந்தாள், பள்ளிக்கூடம் பக்கமே போகாதவள். இரண்டு மாதம் கேட்டுக் கேட்டு அவளுக்கே பாடம் பழகிவிட்டது.

“ஏ பொண்ணே, டீசலு வரணுமே, அத உட்டுட்டியே!” என்று நாரைப் பல்லில் கடித்தபடி ஒரு நாள் அவள் சொல்ல, பெட்டியே சிரித்தது. அக்காவும் கண்ணைத் திறந்து சிரித்தாள். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இரண்டரைப் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிசகாமல் அவளால் சொல்ல முடிந்தது. ஏன் குறைந்த உறுதி என்று நான் நடுவில் நிறுத்திக் கேட்டால் மட்டும், “இருடி, மொதல்லேர்ந்து வந்தாத்தான் வரும்” என்பாள். அங்கேயே எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை, அல்லது அடித்தது எனக்குக் கேட்கவில்லை.

அந்த மாதங்களில் அவள் வீட்டில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள். “இதான் கடைசின்னு சொல்லிட்டாருடி எங்க வூட்டுக்காரரு. பாஸானா சரி. இல்லன்னா வேலையும் வோணாம், ரயிலும் வோணாம், மாமனார பாத்துகினு வூட்ல கெடன்றாரு” என்றாள். அழவில்லை. ஆபீசிலும் பட்டம் முடித்தால்தான் நிரந்தரம் என்று அவளைப் பத்து வருடமாக ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். ஆக, பதின்மூன்று தாள், வேலை, காலை ரயில், அவளுக்கென்று இருந்த நாலு மணி நேரம், எல்லாம் அந்த ஒரு தாளின் முதுகில் உட்கார்ந்திருந்தன.

பரீட்சை சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் மணவறைத் தோரணத்தின் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு மூன்று வரிசை முன்னால், நடைபாதையை ஒட்டி அக்கா. முதல் பதினைந்து நிமிடம் கேள்வித்தாளைப் படிக்க மட்டும், விடைத்தாளைத் தொடக் கூடாது. நான் புரட்டினேன். இரண்டாவது கேள்வியே அதுதான். கரியமில வாயு, நம்பகத்தன்மை, உறுதியளிப்பு. அவள் முதுகைப் பார்த்தேன். அவளும் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது, தோள்கள் இறங்கி நிம்மதியாகிவிட்டன.

பிறகு கேள்வியை முழுவதும் படித்தேன்.

அந்தக் கம்பெனிக்குப் பட்டறை இல்லை. ஜெனரேட்டர் இல்லை. பார்சல்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனி. சொந்த வேன்களில் பாதியை விற்றுவிட்டு, அந்த வேலையை வெளி ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்திருந்தது. அறிக்கையில் சொந்த வேன்களின் புகையை மட்டும் கணக்கெடுத்து, போன வருடத்தைவிட முப்பது சதவீதம் குறைத்துவிட்டோம் என்று மார்தட்டியிருந்தது. விஷயமே அதில்தான் இருந்தது. புகை குறையவில்லை, வேறு ஒருவர் பெயருக்கு மாறியிருக்கிறது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதுதான் அந்தக் கேள்வியின் உயிர். கடைசியில் ஒரு கொக்கி வேறு. இந்தப் புள்ளிவிவரம் சேகரிக்கும் முறையை அமைத்துக் கொடுத்த ஆடிட்டர் நிறுவனமே உறுதியும் அளிக்கலாமா? அந்தக் கொக்கியைப் பற்றி என் மாதிரி விடையில் ஒரு சொல்கூட இல்லை. அதை நான் ஏன் விட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் தினமும் செய்துகொண்டிருந்த காரியம் அது. அதை எழுத என் கை வரவில்லை.

மணி அடித்தது. மூன்று வரிசை முன்னால் அக்காவின் பேனா கிளம்பிவிட்டது. யோசிப்பவர்கள் எழுதுவது நின்று நின்று போகும். அவள் நிற்கவே இல்லை. முதல் பத்தி, இரண்டாவது பத்தி. தலை லேசாக ஆடுவதை வைத்தே எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மணவூர் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு பார்சல் கம்பெனியின் அறிக்கைக்குள் திருத்தணி ஆடிக் கிருத்திகை நுழைந்துகொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து, அக்கா, நிறுத்து, கேள்வியைப் படி என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தியிருந்தால் இருவரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள். நான் குனிந்து என் விடையை எழுதினேன். ஒப்பந்தக்காரர்களின் வேன்களைப் பற்றி எழுதினேன், தானே அமைத்ததைத் தானே சரிபார்க்கக் கூடாது என்பதையும் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எல்லாம் எழுதிட்டண்டி. ஒண்ணு உடல. உன் புண்ணியம்.”

“நல்லா எழுதியிருப்பக்கா” என்றேன்.

அன்று திரும்பும்போது பெட்டியில் எல்லோருக்கும் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தாள். பூக்கார அம்மா ஒரு முழம் கிள்ளி அவள் தலையில் வைத்துவிட்டாள். “டீசலு எழுதினியா?” என்று கேட்டாள். “ஆங், எழுதிட்டேன்” என்றாள் அக்கா.

முடிவு வர இரண்டரை மாதம் ஆனது. எனக்கு ஐம்பத்தாறு. அவளுக்கு நாற்பத்தேழு. தேற வேண்டியது ஐம்பது. பார்சல் கம்பெனியின் வேன்களைப் பற்றி இரண்டு காரணம், அந்தக் கொக்கிக்கு ஒரு காரணம், அவ்வளவு போதும் மூன்று மார்க்குக்கு. நான் அந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன், எப்போதும் அதே விடைதான் வருகிறது.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. பத்து வருடம் பூர்த்தியாகிவிட்டபடியால் பதிவு ரத்தாகிறது, மீண்டும் சேர விரும்பினால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அக்கா அதை ரயிலில் எனக்குக் காட்டினாள். மரியாதையான கடிதம், நல்ல தாள். மடித்துத் திரும்பப் பையில் வைத்தாள். அந்த மாதக் கடைசி வரைதான் வேலைக்கு வந்தாள்.

ஒவ்வொரு முறையும் பரீட்சை முடிந்த பிறகு, விடைகள் எப்படி இருந்தன என்று தேர்வாளர் ஓர் அறிக்கை எழுதி இணையத்தில் போடுவார். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து படித்தேன். அந்தக் கேள்விக்குக் கீழே, பலர் கேள்வியில் சொல்லியிருக்கும் கம்பெனியைப் பற்றி எழுதாமல் மனப்பாடம் செய்ததை எழுதியிருக்கிறார்கள் என்று குறை சொல்லியிருந்தார். அதற்கு உதாரணமாக, மூடிக்கிடந்த ஒரு தொழிற்சாலையில் திருவிழா நாளன்று ஜெனரேட்டர் டீசல் எரித்ததாக ஒரு விடை நீளமாக விவரித்தது, கேள்வியில் தொழிற்சாலையும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை, திருவிழாவும் இல்லை என்று எழுதியிருந்தார். அவர் கேலி செய்யவில்லை. குழம்பிப்போயிருந்தார் என்றுதான் தோன்றியது. என் வரிகள் அவை. அரக்கோணத்துப் பட்டறையில் நான் கண்டுபிடித்து, அறிக்கையில் எழுதத் துணியாமல், அக்காவின் கையால் எழுதவைத்த வரிகள். எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டு, எழுதக் கூடாத இடத்தில் எழுதவைத்திருக்கிறேன். திரையை மூடிவிட்டேன். பிரிண்ட் எடுக்கவில்லை.

அக்கா வேலைக்கு வந்த கடைசி நாள், சாயங்கால ரயிலில் கூட்டம் இல்லை. திருவள்ளூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா, மறைக்காம சொல்லணும்.”

“கேளுக்கா.”

“நான் ஒரு எழுத்து உடாம எழுதினேன்டி. நீ எழுதிக் குடுத்தது அப்படியே. அப்புறம் எப்படி போச்சு? அதுல ஏதாச்சும் தப்பு இருந்துச்சா?”

சொல்லியிருக்கலாம். கேள்வி வேறு கம்பெனியைப் பற்றி, அக்கா, எதைக் கேட்டாலும் இதையே எழுது என்று சொன்னது என் தப்பு, உன் மூளையில் ஒரு குறையும் இல்லை, உனக்குக் காரணம் சொல்லத் தெரியும், நான்தான் சொல்லவிடாமல் உருப்போட வைத்துவிட்டேன். எல்லாம் வாய் வரை வந்தது. மணவூர் ஸ்டேஷன் விளக்குகள் ஜன்னலில் போயின. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குத் தெரிஞ்சு தப்புன்னு எதுவும் கண்ணுல படலக்கா” என்றேன்.

எங்கள் ஆபீஸ் அறிக்கைகளில் நான் எத்தனையோ முறை டைப் அடித்த வாக்கியம் அது. வாய்க்கு அவ்வளவு சுலபமாக வந்தது.

“அப்ப இங்கிலீஷுதான்” என்றாள் அவள், எதிர்பார்த்ததுதான் என்பது போல. “என் கையெழுத்துல இங்கிலீஷப் பாத்தவொடனே தெரிஞ்சிருக்கும், தமிழ் மீடியம்னு.”

நான் இல்லை என்று சொல்லவில்லை.

அதன் பிறகு பல வருடம் அதே ரயிலில் போய்வந்தேன். பட்டம் கிடைத்தது, வேறு ஆபீஸ், நல்ல நாற்காலி. இப்போது இதே மாதிரி அறிக்கைகளைப் பெரிய கம்பெனிகளுக்கு நானே சரிபார்த்து, கையெழுத்துப் போடும் ஆளிடம் அனுப்புகிறேன். அட்டவணையைப் போடுவது ஒரு குழு, சரிபார்ப்பது வேறு குழு, எல்லாம் ஒழுங்கு. கடைசி வாக்கியம் மட்டும் அதேதான்.

ஒரு முறை திருத்தணி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். உடம்பு பாதியாகியிருந்தது. பக்கத்தில் அவள் பெண், கான்வென்ட் சீருடை, டை. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்கு அவளை அலையவிட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கணக்கு நன்றாக வருமாம், ஆனால் அக்கா அதைக் கண்டுகொள்வதே இல்லையாம். வீட்டில் ஒரு வார்த்தை தமிழ் பேசினால் திட்டு, தெலுங்குக்கு அடி என்று அந்தப் பெண்ணே என்னிடம் இங்கிலீஷில் புகார் சொன்னாள்.

அக்கா சிரித்தாள். மகளின் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். “இந்த அக்கா எழுதிக் குடுத்தது எல்லாம் கரெக்டா இருந்துச்சு, தெரியுமா? ஒரு தப்பு இல்ல. அம்மாவுக்குத்தான் இங்கிலீஷு வரல. அதான் உன்ன இந்தப் பாடு படுத்துறேன்.”

அந்தப் பெண் என்னை மரியாதையோடு பார்த்தாள். அவர்கள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.